வகுப்புக்கு ஒரு இமாமை அழைப்பது: கடிதம், நோக்கம், கேள்விகள் பற்றி ஆசிரியர்கள் கேட்டவை

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் 'அறிவு மலர்ச்சியும் சமூக அரசியல் மாற்றங்களும்' பாடம் நடத்தும்போதெல்லாம் ஊரில் உள்ள சமயப் பணியாளர் ஒருவரை வகுப்புக்கு அழைப்பேன். கடிதத்தை எப்படி எழுதுவது என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. இமாமை அழைக்கும் கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு எதை மாற்ற வேண்டும் என்பது பின்னால் வருகிறது.

அரசுப் பள்ளிக்குள் ஒரு இமாமையோ ஃபாதரையோ கூப்பிடலாமா சார்? சட்டப்படி தப்பில்லையா?

அரசமைப்புச் சட்டத்தின் 28(1) பிரிவு சொல்வது இது: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது. போதனை என்பது 'இதை நம்பு, இப்படிக் கும்பிடு' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. ஒரு சமயத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. நம் பாடப்புத்தகத்திலேயே சமணமும் பௌத்தமும் இருக்கின்றனவே.

ஆனால் கோடு மெல்லியது. வகுப்பறையில் ஐந்தே நிமிடத்தில் அதைத் தாண்டிவிடலாம். 2024இல் சென்னையில் அரசுப் பள்ளி மேடையில் ஒருவர் முற்பிறவிப் பாவம் என்று பேசியதும், அதைக் கேள்வி கேட்ட பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியரிடம் அவர் வாக்குவாதம் செய்ததும், பிறகு நடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனவே கடிதம் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் தலைமையாசிரியர் வழியாக மேலிடத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கிவிடுங்கள். அனுமதி கேட்கும் தாளோடு அழைப்புக் கடிதத்தின் நகலும் கேள்விப் பட்டியலும் போகட்டும். வருபவர் எதைப் பேசப்போகிறார் என்று முன்கூட்டியே தாளில் இருந்தால் அதிகாரிக்கும் கையெழுத்துப் போட எளிது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். டீக்கடை வழியாகச் செய்தி போவதற்கு முன் நம் வழியாகப் போகட்டும்.

'மத நல்லிணக்கம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதாதா? எல்லோருக்கும் பிடித்த தலைப்பாச்சே.

நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். இரண்டு வரிக் கடிதம்: 'தாங்கள் வருகை தந்து மத நல்லிணக்கம் குறித்து மாணவர்களிடையே சிறப்புரை ஆற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' வந்தவர் நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். எல்லா ஆறும் கடலில்தான் கலக்கிறது, எல்லா ரத்தமும் சிவப்புத்தான் என்று ஐம்பது நிமிடம் ஓடிற்று. மறுநாள் பிள்ளைகளிடம் தெரிந்துகொண்டதை எழுதச் சொன்னேன். 'அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்' என்று முப்பது பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். அது அவர்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். பள்ளிவாசலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தவறு அவருடையதல்ல. பொதுவான தலைப்பைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் மேடைப் பேச்சுத்தான் பேசுவார்கள். அன்றிலிருந்து தலைப்பையே கொடுப்பதில்லை. அவருடைய ஒரு நாள் வேலையைக் கேட்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எங்கே படித்தார், ஒரு கல்யாணத்தில் அவர் வேலை என்ன, ஒரு சாவு வீட்டில் என்ன. தன் வேலையைப் பற்றிப் பேசுகிறவர் உபதேசம் செய்வது அபூர்வம்.

கடிதத்தில் நோக்கம் என்று என்ன எழுதுவது?

மூன்று வரி போதும். ஆனால் வகுப்பு முடிந்ததும் பிள்ளை சொல்லக்கூடிய, எழுதக்கூடிய ஒன்றாக ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும். 'பிற சமயங்களை மதிக்கும் மனப்பான்மையை வளர்த்தல்' என்று எழுதினால் அது வளர்ந்ததா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? என்னுடைய மூன்று வரிகள் கீழே கடிதத்தில் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவதைக் கவனியுங்கள். ஒரே சமயத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் பழக்கம் மாறும் என்பது அது. அதை விட்டுவிட்டால் ஒரு மனிதர் சொன்னதைப் பிள்ளைகள் அந்தச் சமயம் முழுவதற்குமான விதி என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு பள்ளிவாசலில் உள்ள வழக்கம் அடுத்த பள்ளிவாசலில் இருக்காது. அவர் சார்ந்த ஜமாஅத்தின் கருத்து இன்னொரு ஜமாஅத்துக்கு ஒப்பாது. தர்கா பற்றிய பேச்சில் இது உடனே வெளியே வரும். அதனால்தான் கடிதம் முழுக்க 'உங்கள் பள்ளிவாசலில்' என்று கேட்கிறேன், 'இஸ்லாத்தில்' என்று கேட்பதில்லை.

எதைச் செய்ய வேண்டாம் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தொழுகையோ துஆவோ நடத்த வேண்டாம், துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டாம், மற்றச் சமயத்தோடு ஒப்பிட வேண்டாம். இதை எழுதினால் கோபித்துக்கொள்வாரோ என்று நானும் தயங்கியிருக்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஹஜ்ரத், 'நல்லதாப் போச்சு, எதுவரைக்கும் பேசலாம்னு எனக்கும் பயமா இருந்துச்சு' என்றார்.

கேள்விகளை நாமே எழுதிக் கொடுப்பதா, பிள்ளைகளையே கேட்க விடுவதா? ஏடாகூடமாக ஏதாவது கேட்டுவிட்டால்?

பிள்ளைகளே எழுத வேண்டும், நாம் சல்லடை போட வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்னால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாவிட்டால்தான் உண்மையான கேள்வி வரும். போன முறை 42 சீட்டுகள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்: பாங்கு, தாடி, குல்லா, பிரியாணி.

பிரிக்கும்போது நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். இந்தக் கேள்வி வருபவரைக் கூண்டில் ஏற்றுகிறதா, சாட்சியாக அழைக்கிறதா? 'நீங்க ஏன் பெண்களைப் பள்ளிவாசலுக்குள்ள விடறதில்லை?' என்று ஒரு சீட்டு. கேட்ட பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பதிலை முன்பே முடிவு செய்துவிட்டு விளக்கம் மட்டும் கேட்கிற கேள்வி அது. அதையே 'உங்கள் பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடம் இருக்கிறதா? அவர்கள் எங்கே தொழுகிறார்கள்?' என்று மாற்றினோம். கேள்வி இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவரால் பதில் சொல்ல முடிகிறது. 'மாட்டுக்கறி ஏன் சாப்பிடறீங்க?' என்பது 'ஹலால் என்றால் என்ன? எது கூடும், எது கூடாது?' என்று ஆயிற்று. 'அல்லாவும் எங்க முனியப்பனும் சண்டை போட்டா யார் ஜெயிப்பாங்க?' என்ற சீட்டை மட்டும் என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாற்றி எழுதும் வேலையை ஆசிரியர் தனியாகச் செய்யாமல் கரும்பலகையில் வகுப்போடு சேர்ந்து செய்யுங்கள். வருகையைவிட அந்த ஒரு பீரியடில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வகுப்பில் இரண்டு மூன்று முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த ஹஜ்ரத்திடமே மதரஸாவில் ஓதுகிற பிள்ளைகளாகவும் இருக்கலாம். 'நீ சொல்லு பார்ப்போம்' என்று அவர்களை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். அன்றைக்கு அவர்களும் மற்றவர்களைப் போலக் கேட்க வந்தவர்கள்தான்.

முழுக் கடிதம் ஒன்று காட்ட முடியுமா?

போன முறை அனுப்பியது, இடங்களை மட்டும் வெறுமையாக்கியிருக்கிறேன்:

> அனுப்புநர்
> தலைமையாசிரியர்,
> அரசு மேல்நிலைப் பள்ளி, ……………
>
> பெறுநர்
> இமாம் அவர்கள்,
> …………… பள்ளிவாசல், ……………
> (முத்தவல்லி அவர்கள் வழியாக)
>
> மதிப்பிற்குரிய ஹஜ்ரத் அவர்களுக்கு,
>
> பொருள்: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் உரையாட அழைப்பு.
>
> வணக்கம். எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 42 பேர் சமூக அறிவியலில் சமயங்களின் வரலாற்றைப் படித்து வருகிறார்கள். புத்தகத்தில் படிப்பதோடு, நம் ஊரில் சமயப் பணி செய்பவர் ஒருவரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். வரும் ……… புதன்கிழமை காலை 10.40 முதல் 11.25 வரை தாங்கள் வகுப்புக்கு வந்து உரையாட வேண்டுகிறோம்.
>
> இந்த வகுப்பின் முடிவில் மாணவர்கள்,
> ஒரு இமாமின் அன்றாடப் பணி என்ன என்று தம் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும்;
> பாங்கு, ஜமாஅத், ஜும்ஆ, முத்தவல்லி ஆகிய சொற்களின் பொருளை எழுத வேண்டும்;
> ஒரே சமயத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டாவது சொல்ல வேண்டும்.
>
> முதல் பத்து நிமிடம் தாங்கள் படித்தது, இந்தப் பணிக்கு வந்தது பற்றிப் பேசலாம். மீதி நேரம் மாணவர்களின் கேள்விகளுக்கு. அவர்கள் எழுதிய கேள்விகளை இணைத்துள்ளோம். பதில் சொல்ல விரும்பாத கேள்வியை அடித்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.
>
> இது அரசுப் பள்ளி என்பதால் வகுப்பில் தொழுகை, துஆ, துண்டுப் பிரசுரம், பிற சமயங்களுடன் ஒப்பீடு ஆகியவற்றைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வகுப்பாசிரியர் முழு நேரமும் உடன் இருப்பார். பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தால் மாணவர்களுக்குப் பயனாக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> தலைமையாசிரியர்
>
> இணைப்பு: மாணவர்களின் கேள்விகள்
> 1. இமாம் ஆக எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்?
> 2. உங்களுடைய ஒரு நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும்?
> 3. பாங்கில் சொல்வதற்குத் தமிழில் என்ன பொருள்? நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?
> 4. உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?
> 5. உங்கள் பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடம் இருக்கிறதா? அவர்கள் எங்கே தொழுகிறார்கள்?
> 6. ஹலால் என்றால் என்ன? எது கூடும், எது கூடாது?
> 7. முஸ்லிம் அல்லாத நாங்கள் பள்ளிவாசலுக்குள் வரலாமா? வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
> 8. உங்கள் வேலையில் கஷ்டமானது எது?

எட்டுக் கேள்விகளுக்கு மேல் வேண்டாம். 45 நிமிடத்தில் அதற்கே நேரம் போதாது. அடித்துவிடலாம் என்ற வரி முக்கியம். அந்த உரிமை கையில் இருந்தால் யாரும் பெரும்பாலும் அடிப்பதில்லை.

மூன்றாவது கேள்வியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஹஜ்ரத் கொண்டுவந்த அட்டவணை பெரிய தாள், ஓரங்கள் மடிந்து, சுவரில் ஆணி அடித்த துளையோடு இருந்தது. முன் பெஞ்சுப் பெண் விரலை வைத்து மஃரிப் வரிசையில் கீழே இறங்கிக்கொண்டே போனாள். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே, ஜூலையில் ஆறே முக்காலை ஒட்டி. 'சூரியன் மறையறதை வச்சுத்தான் நேரம், கடிகாரத்தை வச்சு இல்லை' என்றார் ஹஜ்ரத். அடுத்த பீரியடில் புவியியல் பாடத்தில் பூமியின் சாய்வை நடத்த எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

'ஹஜ்ரத்' என்று நாம் எழுதலாமா? 'அஸ்ஸலாமு அலைக்கும்' போட வேண்டுமா?

'ஹஜ்ரத்' எல்லோரும் சொல்வதுதான், தாராளமாக எழுதலாம். அரசுப் பள்ளிக் கடிதத்துக்கு 'வணக்கம்' போதும். நேரில் பார்க்கும்போது அவர் ஸலாம் சொன்னால் நம் வழக்கப்படி வணக்கம் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மொழியை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் உருது பேசும் முஸ்லிம்கள் அதிகம். சில இமாம்கள் வெளி மாநிலத்திலிருந்து வந்திருப்பார்கள், தமிழில் சரளமாக வராது. அப்படியானால் ஜமாஅத்தில் தமிழ் நன்றாகப் பேசும் ஒருவர் கூட வரட்டும் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்?

வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம், அன்று ஜும்ஆ. மற்ற நாட்களில் ளுஹர் தொழுகைக்கு முன்னால் அவர் திரும்பிப் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு என்றால் பாதியில் அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வசதி. ரமலான் மாதத்தில் இரவுத் தொழுகை முடிந்து தூங்கவே நேரம் ஆகும், அந்த மாதம் அழைக்காதீர்கள்.

கோயில் குருக்கள் அல்லது பங்குத்தந்தை என்றால் கடிதத்தில் எதை மாற்றுவது?

நோக்கத்தின் அமைப்பு அதேதான். சொற்களும் வழியும் மாறும்.

சிவன் கோயில் என்றால் குருக்கள், பெருமாள் கோயில் என்றால் பட்டாச்சாரியார், மாரியம்மன், முனியப்பன் கோயில் என்றால் பூசாரி. நம் மாவட்டங்களில் பிள்ளைகள் தினமும் பார்ப்பது பூசாரியைத்தான், ஆனால் ஆசிரியர்கள் கூப்பிடுவதெல்லாம் குருக்களைத்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கூழ் ஊற்றுவதும், சாமியாடுவதும், பரம்பரையாக ஒரு குடும்பம் பூசை செய்வதும் எந்தப் புத்தகத்திலும் விரிவாக இல்லாத செய்திகள். அவற்றைச் சொல்லக்கூடியவர் பூசாரிதான். அறநிலையத் துறைக் கோயில் என்றால் கடிதம் செயல் அலுவலர் வழியாகப் போக வேண்டும். காலைப் பூசை முடிந்து நடை சாத்திய பிறகான நேரத்தைக் கேளுங்கள். பிரதோஷம், ஆடி வெள்ளி, மார்கழி ஆகியவற்றைத் தவிருங்கள்.

'எல்லா சாதியும் அர்ச்சகர் ஆகலாமா?' என்று ஒரு சீட்டு நிச்சயம் வரும். அதைக் குருக்களிடம் தள்ளாதீர்கள். 2021இல் தமிழக அரசு, பயிற்சி பெற்ற பல சாதியினரை அர்ச்சகர்களாக நியமித்ததை நீங்களே முந்தின பீரியடில் பாடமாக நடத்திவிடுங்கள். அவரிடம் 'நீங்கள் யாரிடம், எத்தனை ஆண்டு கற்றீர்கள்?' என்று மட்டும் கேட்கலாம்.

கத்தோலிக்கக் கோயில் என்றால் 'அருட்தந்தை' என்று விளியுங்கள். சி.எஸ்.ஐ. என்றால் 'ஆயர்'. தர்மபுரி 1997லிருந்து தனி மறைமாவட்டம். பங்குத்தந்தையை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள், எனவே 'இந்த ஊருக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தீர்கள்? உங்களை யார் மாற்றுகிறார்கள்?' என்று ஒரு கேள்வி போட்டால் ஒரு பெரிய அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதே பாடமாகிவிடும். தவக்காலத்தின் கடைசி வாரமும் கிறிஸ்துமஸ் மாதமும் அவர்களுக்கு ஓய்வில்லாத காலம்.

பாடம் சமணம், பௌத்தம் பற்றியது. நம் பக்கத்தில் துறவிக்கு எங்கே போவது?

பௌத்த பிக்குவைத் தேடி அலைவதைவிடச் சமணத் துறவியைக் கேட்பது எளிது. நெடுஞ்சாலை ஓரமாக வெள்ளை ஆடையில், செருப்பில்லாமல், சிறு கூட்டமாக நடந்து போகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வண்டியில் ஏறமாட்டார்கள். மழைக்கால நான்கு மாதம் மட்டும் ஒரே ஊரில் தங்குவார்கள், சாதுர்மாசம் என்று பெயர். எனவே அந்த நான்கு மாதத்துக்குள், அவர்கள் தங்கியிருக்கும் ஊரில், நடக்கும் தூரத்தில் உள்ள பள்ளி என்றால்தான் இது நடக்கும். கடிதத்தை அந்த ஊர் ஜைன சங்கத்தார் வழியாகக் கொடுங்கள். சில பிரிவினர் மைக் பயன்படுத்துவதில்லை, சிலர் வாயை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு முந்தின நாளே சொல்லிவையுங்கள், சிரிப்பு வராது. கேள்விப் பட்டியலில் 'ஏன் நடந்தே போகிறீர்கள்?' என்பது முதலில் இருக்கட்டும். அகிம்சையைப் பற்றிப் புத்தகம் சொல்வது எல்லாம் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும்.

தர்மபுரி ஆசிரியர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பழைய தகடூர்ப் பகுதியில் நுளம்ப மன்னர் காலத்துச் சமணக் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் இங்கே சமணர் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு அழைத்தால் பாடம் ஒட்டிக்கொள்ளும்.

வந்தவர் கேள்விகளை விட்டுவிட்டுப் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டால்?

அடையாளம் எளிது. 'நாங்கள் இப்படிச் செய்கிறோம்' என்பது 'நீங்கள் இப்படிச் செய்ய வேண்டும்' என்று மாறும். அந்த இடத்தில் குறுக்கிடுங்கள். பெரியவரை எப்படித் தடுப்பது என்று சங்கடப்படாமல் இருக்க நான் ஒரு ஏற்பாடு செய்வேன். கேள்வி கேட்க வேண்டிய எட்டுப் பிள்ளைகளையும் முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுவேன். பேச்சு தடம் மாறினால் அடுத்த பிள்ளையைப் பார்த்துத் தலையசைப்பேன், அவள் எழுந்து 'ஐயா, நாலாவது கேள்வி' என்பாள். பிள்ளை கேட்டால் யாரும் மனம் நோகமாட்டார்கள். அதற்கும் மேல் போனால் 'நேரம் ஆகிறது, நன்றி' என்று ஆசிரியர் எழுந்துவிட வேண்டியதுதான்.

சால்வை, கவர் எல்லாம் வேண்டுமா?

கவர் வேண்டாம். சமணத் துறவியிடம் பணத்தை நீட்டவே கூடாது, அவர்கள் தொடமாட்டார்கள். பிள்ளைகள் 'இன்று தெரிந்துகொண்ட ஒன்று' என்று எழுதிய தாள்களை ஒன்றாகத் தைத்து மறுவாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் தாள்களை முதலில் நீங்கள் படியுங்கள். 'எங்க ஊர் ஹஜ்ரத் காலையில நாலரைக்கு எழுந்திருக்கிறார்' என்பது மாதிரி வரிகள் இருந்தால் வகுப்பு நடந்திருக்கிறது. எல்லாத் தாளும் 'ஒற்றுமையே பலம்' என்று இருந்தால் கடிதத்தைத் திருத்த வேண்டும்.

கடிதம் அனுப்பி இரண்டு வாரம் ஆயிற்று, பதிலே இல்லை.

தபாலில் அனுப்பியிருப்பீர்கள். அசர் தொழுகை முடிந்து, மாலை ஐந்தரை வாக்கில் பள்ளிவாசல் வாசலுக்குப் போங்கள், பெரும்பாலும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அங்கே இருப்பார். ஹஜ்ரத்துக்கு விருப்பம் இருந்தாலும் ஜமாஅத் சம்மதம் இல்லாமல் வரமாட்டார். கேள்விப் பட்டியலை முத்தவல்லியிடம் படித்துக் காட்டுங்கள். போன முறை அவர் நான்காவது கேள்வியில் நின்று, 'சம்பளத்தைக் கேக்கறாங்களா?' என்று உரக்கச் சிரித்துவிட்டு, 'கேக்கட்டும், அப்பவாவது ஜமாஅத்துல ஏத்திக் கொடுக்கறாங்களான்னு பார்ப்போம்' என்றார். புதன்கிழமைக்கு அவரே ஹஜ்ரத்தை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.